பறிமுதலான பங்கும் கழிவு விலையும்

கம்பனிச் சட்ட வரலாற்றில் 1892ஆம் ஆண்டிலும் 1898ஆம் ஆண்டிலும் இங்கிலாந்தில் வழங்கப்பட்ட இரு தீர்ப்புகள் முதற்பார்வையில் ஒன்றுக்கொன்று முரணானவையாகத் தோன்றும். பங்கொன்றை அதன் முகப் பெறுமதிக்குக் குறைந்த விலையில் வழங்கலாகாது என்றது முன்னையது. பறிமுதல் செய்யப்பட்ட பங்கை அவ்வாறு விற்கலாம் என்றது பின்னையது. இவ்விரண்டும் எவ்வாறு ஒரே கோட்பாட்டினின்றும் பிறந்தன என்பதை ஆராய்தல் பயனுடையதாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கம்பனிகள் பங்கின் முழுப் பணத்தையும் ஒரே முறையில் பெறுவதில்லை. விண்ணப்பத்தோடு ஒரு பகுதியும், ஒதுக்கீட்டின்போது ஒரு பகுதியும், எஞ்சியது பணிப்பாளர் அழைக்கும் வேளைகளிலும் செலுத்தப்படும். அழைப்புப் பணத்தைச் செலுத்தத் தவறியவரின் பங்கை என்செய்வது என்ற வினா இரயில் பாதைக் கம்பனிகள் பெருகிய காலத்தில் கூர்மையடைந்தது. அத்தகைய கம்பனிகளுக்காக 1845இல் இயற்றப்பட்ட சட்டம் பறிமுதலுக்கு இடமளித்ததாயினும், நிலுவையும் வட்டியும் செலவும் தீர்வதற்குப் போதிய பங்குகளை மாத்திரமே விற்கலாம் என்றும், மிகுதிப் பணத்தைத் தவறியவருக்கே திருப்பிக் கொடுத்தல் வேண்டும் என்றும் விதித்தது. 1862ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டத்தோடு இணைந்த மாதிரி விதிகளோ வேறு வழியிற் சென்றன. அவற்றின்படி பறிமுதலான பங்கு கம்பனியின் சொத்தாகியது. முன்னர் செலுத்திய பணமும் உரியவருக்கு மீளவில்லை. பறிமுதலின்போது நிலுவையாயிருந்த அழைப்புக்கு அவர் தொடர்ந்தும் கடனாளியாகவே இருந்தார்.

இத்துணைக் கடுமையான தண்டனையாதலின், நீதிமன்றங்கள் அதன் நடைமுறையை நுணுகி நோக்கின. 1877இல் லிற்றில்ஸ் அயன் ஏஜென்சி என்னும் கம்பனி தொடர்பான வழக்கில், பணம் செலுத்தவேண்டிய நாளிலிருந்து கணிக்கவேண்டிய வட்டியை, அழைப்பு விடுக்கப்பட்ட நாளிலிருந்தே அறிவித்தல் கோரியிருந்தது. அச்சிறு பிழையே பறிமுதலைச் செல்லாததாக்கப் போதுமானதாயிற்று.

இனி முதற் தீர்ப்புக்கு வருவோம். மைசூரின் கோலார் தங்க வயலில் அகழ்வு நடத்திய ஊரிகம் கம்பனியின் ஒரு பவுண் பங்குகள் சந்தையில் பெரிதும் வீழ்ச்சியுற்றிருந்தன. புதிய மூலதனம் வேண்டிய கம்பனி, ஒரு பவுண் முன்னுரிமைப் பங்குகளை, 15 சிலிங் செலுத்தப்பட்டதாக வரவு வைத்து, 5 சிலிங்குக்கு வழங்கியது. அந்த 15 சிலிங்கை எவரும் செலுத்தவில்லை. பணிப்பாளர் நேர்மையாகவே நடந்தனர். அப்பணமும் கம்பனிக்கு உதவியது. ஆயினும் பிரபுக்கள் சபை 1892இல் அவ்வழங்கலை அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது எனத் தீர்த்தது. முகப் பெறுமதி என்பது கடன்கொடுத்தோர் நம்பியிருக்கும் வாக்குறுதி. வரையறுத்த பொறுப்பென்னும் சலுகைக்குப் பங்குதாரர் கொடுக்கும் விலை அதுவே.

பறிமுதலான பங்கின் நிலை வேறு. மொறிசன் வழக்கு எனப்படும் 1898ஆம் ஆண்டு வழக்கில், முந்திய உரிமையாளரிடமிருந்து கம்பனி பெற்ற பணத்தையும் கணக்கிற் கொள்ளலாம் என ஏற்கப்பட்டது. ஆகவே இங்குக் கழிவு என்பது பெயரளவிலேயே கழிவாகும்.

ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். 10 ரூபா முகப் பெறுமதியுடைய 100 பங்குகளுக்கு ஒருவர் பங்கொன்றுக்கு 6 ரூபா செலுத்தி, இறுதி அழைப்பான 4 ரூபாவைச் செலுத்தாது விட்டார். பங்குகள் பறிமுதலாகின்றன. கம்பனியிடம் தங்கிய 600 ரூபா பறிமுதற் பங்குக் கணக்கிற்குச் செல்லும். அப்பங்குகள் முழுதும் செலுத்தப்பட்டனவாக 7 ரூபா வீதம் மீள வழங்கப்படின் கழிவு 300 ரூபா. அதனை அக்கணக்கு ஈடுசெய்யும். எஞ்சிய 300 ரூபா மூலதன ஒதுக்கத்திற்கு மாற்றப்படும். அது வியாபாரத்தில் ஈட்டிய இலாபமன்று. 50 பங்குகளே மீள வழங்கப்படின், அந்த 50 பங்குகளுக்குரிய 300 ரூபாவிலிருந்தே அவற்றின் கழிவான 150 ரூபாவைக் கழித்து, எஞ்சிய 150 ரூபாவை மட்டும் மாற்றுதல் வேண்டும். மற்றைய 50 பங்குகளுக்குரிய 300 ரூபா, அவை விற்கப்படும்வரை பறிமுதற் கணக்கிலேயே நிற்கும். இதனை மறந்து முழு மீதியையும் ஒதுக்கத்திற் சேர்ப்பது மாணவர்களின் விடைத்தாள்களிற் காணப்படும் பொதுவான வழு.

எல்லையும் இதிலிருந்தே பிறக்கின்றது. கழிவு 6 ரூபாவை விஞ்சலாகாது. அதாவது 4 ரூபாவே தாழ்ந்த விலை. 3 ரூபாவுக்கு விற்பின் கம்பனி இருவரிடமிருந்தும் பெற்றது 9 ரூபா. குறையும் ஒரு ரூபா ஊரிகம் கம்பனியின் குற்றத்தையே மீளச் செய்வதாகும். எனவே இரு தீர்ப்புகளும் கேட்டது ஒன்றையே: பங்கு ஒவ்வொன்றுக்கும் எதிராக அதன் முகப் பெறுமதி கம்பனியை வந்தடைந்ததா என்பதே அது. 1898இல் அதனை இருவர் சேர்ந்து நிறைவேற்றினர்.

இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் பங்குகளின் முகப் பெறுமதியையே நீக்கியது. அளவுகோல் மறைந்ததனால் கழிவு என்ற சொல்லும் இங்குத் தன் பழைய பொருளை இழந்தது. எனினும், இருமுறை பணம் பெற்ற அப்பங்கில், முதலில் தந்தவர் ஒன்றுமின்றி வெளியேறினார் என்ற உண்மையை எந்தக் கணக்குப் பதிவும் காட்டுவதில்லை. 1845ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்கு மிகுதியைத் திருப்பித் தந்தது. 1862ஆம் ஆண்டு விதிகள் அதனைக் கைவிட்டன. மூலதன ஒதுக்கத்தில் நிற்கும் அந்த 300 ரூபா, ஒரு வகையில், அவர் விட்டுச் சென்றதேயாகும்.