முச்சந்திகளின் கணக்கு: குப்பை வண்டியின் வழித்தடமும் வடசென்னைத் தெருக்களும்

ஒரு வட்டாரத்தின் எல்லாத் தெருக்களிலும் ஒரே ஒரு முறை சென்று, புறப்பட்ட இடத்துக்கே குப்பை வண்டி திரும்ப முடியுமா? இதற்கான விடை 1735-இல் ஆய்லர் கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களைப் பற்றி அளித்த விளக்கத்திலேயே இருக்கிறது. ஒரு சந்திக்குள் ஒரு தெரு வழியாக நுழைந்த வண்டி இன்னொரு தெரு வழியாக வெளியேற வேண்டும். ஆகவே ஒவ்வொரு சந்தியிலும் கூடும் தெருக்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தாக வேண்டும். அப்படி இருந்து, தெருக்களும் தொடர்பு அறாமல் இருந்தால் அத்தகைய சுற்று நிச்சயம் உண்டு என்ற மறுபாதியை ஹீர்ஹோல்ட்சரின் கட்டுரை 1873-இல் நிறுவியது. நாற்சந்தியால் தொல்லையில்லை; முச்சந்தியும் முட்டுச்சந்தும்தான் தடை. வடசென்னையில் இவ்விரண்டுக்கும் பஞ்சமில்லை. திருவொற்றியூரின் கிழக்கே கடல். மேற்கே ரயில் பாதை, அதற்கும் அப்பால் பக்கிங்காம் கால்வாய். இடையே நீண்டு ஒடுங்கிய நிலத்தில் நெடுஞ்சாலையிலிருந்து கிளைக்கும் தெருக்கள் பலவும் முச்சந்தியில் தொடங்கி, கரையிலோ தண்டவாளத்திலோ முட்டி நிற்கின்றன. ராயபுரத்தில் துறைமுக மதிலும் ரயில்வே நிலமும் இதையே செய்கின்றன. ஆகவே இங்கே வண்டி வந்த தெருவுக்கே மறுபடி வருவதை ஓட்டுநரின் குறையாகக் கொள்வது தவறு. எவ்வளவு தூரம் திரும்பச் செல்வது தவிர்க்க முடியாதது என்பதை முதலில் கணக்கிட்டு, அதற்கு மேல் ஓடியதை மட்டுமே வீண் ஓட்டம் எனலாம்.

இந்த 'எவ்வளவு' என்ற கேள்வியை 1960-இல் எழுப்பியவர் சீனக் கணிதவியலாளர் குவான் மெய்கூ. அஞ்சல்காரரின் நடையைக் குறைப்பது அவர் எடுத்துக்கொண்ட சிக்கல். ஒற்றைப்படைச் சந்திகளை இரண்டிரண்டாக இணைத்து, இணைக்கும் தெருக்களை இருமுறை கடந்தால் எல்லாச் சந்திகளும் இரட்டைப்படையாகிவிடும். அந்த இணைப்பு மிகச் சிறியதுதானா என்று பார்க்க அவர் தந்த சோதனை எளிது: எந்தத் தெருவும் இரண்டுக்கு மேல் எண்ணப்படக்கூடாது; எந்தச் சுற்றை எடுத்தாலும் அதில் திரும்பக் கடக்கும் நீளம் பாதிக்கு மேல் போகக்கூடாது.

கடலோரச் சாலையும் நெடுஞ்சாலையும் இணையாகச் செல்ல, அவற்றை ஐந்து குறுக்குத் தெருக்கள் இணைப்பதாகக் கொள்வோம். குறுக்குத் தெரு ஒவ்வொன்றும் 200 மீட்டர்; அடுத்தடுத்த தெருக்களுக்கு இடைவெளி 100 மீட்டர்; மொத்தம் 1,800 மீட்டர். இரு ஓரங்களிலும் உள்ள தெருக்களின் முனைகள் வெறும் திருப்பங்கள். நடுவிலுள்ள மூன்று தெருக்களின் முனைகளே ஆறு முச்சந்திகள். அந்த மூன்று தெருக்களையும் இருமுறை கடந்தால் கூடுதல் 600 மீட்டர். ஆனால் இரண்டாவது, மூன்றாவது தெருக்களைச் சுற்றி வரும் 600 மீட்டர்ச் சுற்றில் 400 மீட்டர் திரும்ப வருகிறது, பாதியைத் தாண்டிவிட்டது. அங்கே தெருக்களுக்குப் பதிலாக அவற்றின் இரு முனைகளையும் இணைக்கும் சாலைத் துண்டுகளைத் திரும்பக் கடந்தால் 200 மீட்டர் போதும். நான்காவது தெருவின் 200 மீட்டரைச் சேர்த்தால் கூடுதல் 400 மட்டுமே. இதற்குக் கீழே குறைக்க வழியில்லை: ஒவ்வொரு சாலையிலும் மூன்று முச்சந்திகள் இருப்பதால் ஓர் இணையாவது குறுக்கே போயாக வேண்டும்.

தெருக்கள் பெருகினால் கையால் இணைத்துப் பார்க்க முடியாது. இருபது ஒற்றைப்படைச் சந்திகளை இணைக்க 65 கோடிக்கும் மேற்பட்ட வழிகள் உண்டு. எட்மண்ட்ஸ் 1965-இல் தந்த இணைப்பு முறை இந்தத் தடையை நீக்கியது. அவரும் ஜான்சனும் 1973-இல் அதை அஞ்சல்காரர் சிக்கலுக்கு முழுமையாகப் பொருத்தினர். மறு ஆண்டே பெல்ட்ராமியும் போடினும் நகராட்சிக் குப்பை வண்டிகளின் வழித்தடத்தை இதே கண்ணோட்டத்தில் ஆராய்ந்தனர்.

வண்டியின் நேரம் வாசல்தோறும் நிற்பதில்தான் கழிகிறது, ஓட்டத்தைக் குறைத்து என்ன பயன் என்று கேட்கலாம். நிற்கும் நேரம் எந்த வழித்தடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். வழித்தடத்தால் மாற்றக்கூடியது வெற்று ஓட்டம் மட்டுமே. இதைவிட வலுவான மறுப்பு வேறொன்று. நடுவே தடுப்புச் சுவருள்ள திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு பக்கம் போகும்போது மறுபக்கக் குப்பையை எடுக்க முடியாது. அது திசையுள்ள இரண்டு தெருக்களாகவே எண்ணப்பட வேண்டும்; அப்போது சந்திக்குள் வருவனவும் வெளியேறுவனவும் சமமா என்பதே சோதனை. எல்லாத் தெருக்களும் இப்படி இருபக்கம் தனித்தனியே எடுக்கப்பட்டால் ஒற்றைப்படைச் சிக்கலே மறைந்துவிடும். ஆகவே மேற்கண்ட கணக்கு, ஒரே ஓட்டத்தில் இரு சாரி வீடுகளையும் முடிக்கும் பேட்டரி வண்டி செல்லும் குறுகிய தெருக்களுக்கே பொருந்தும். இரு வகைத் தெருக்களும் கலந்த வட்டாரத்தில் மிகச் சிறந்த வழித்தடத்தை விரைவாகக் காணும் முறை எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. அது கடினமான வகைச் சிக்கல் என்று 1976-இல் பாப்பாதிமித்ரியூ நிறுவினார். போதாததற்கு, வண்டி பாதி வழியில் நிரம்பினால் குப்பையை மாற்றும் இடத்துக்குப் போய்வரும் தூரமும் சேரும். கொள்ளளவையும் உட்படுத்திய கணக்கை 1981-இல் கோல்டனும் வாங்கும் வகுத்தார்கள். அங்கே தெருக்களை வண்டிகளுக்குப் பங்கிடும் கோட்டை எங்கே கிழிப்பது என்பதே முதல் கேள்வி. ஒரு நாற்சந்தியின் நடுவே அந்தக் கோடு ஒரு தெருவை மட்டும் பிரித்தெடுத்தால், பங்கு கொண்ட இரு வண்டிகளுக்குமே அந்தச் சந்தி ஒற்றைப்படையாகிவிடுகிறது.