இந்தியாவின் கடன் விகிதம்: வட்டியும் வளர்ச்சியும்

அரசின் கடன், நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் எத்தனை விழுக்காடு என்று அளக்கப்படுகிறது. வட்டி கடனைப் பெருக்கும். வளர்ச்சி உற்பத்தியைப் பெருக்கும்.

2019-20இல் இந்தியாவின் மத்திய, மாநில அரசுகளின் கடன் சுமார் 75 விழுக்காடாக இருந்தது. உற்பத்தி 100, வட்டி 7 விழுக்காடு எனக் கொள்வோம். வட்டி கட்டுவதற்காக மட்டும் கடன் வாங்கினாலும் கடன் 80.25 ஆகும். உற்பத்தி 10 விழுக்காடு வளர்ந்தால் விகிதம் 73 ஆகக் குறையும். ஆனால் 2020-21இல் கொரோனா பொதுமுடக்கத்தால் உற்பத்தி நடப்பு விலையில் ஏறத்தாழ 1 விழுக்காடு சுருங்கியது. 80.25ஐ 99ஆல் வகுத்தால் விகிதம் 81 விழுக்காடு. உண்மையில் அது சுமார் 88ஐ எட்டியது. எஞ்சிய உயர்வுக்கு முதன்மைக் காரணம், வட்டி நீங்கலாகவே செலவு வரவை மிஞ்சியதாகும்.

மறு ஆண்டு வளர்ச்சி வட்டியை வெகுவாக முந்தியதால், பற்றாக்குறை நீடித்தும் விகிதம் இறங்கியது.