டெட் தேர்வு: நாலு ஆப்ஷனுமே சரி மாதிரி தெரியுதா? 'மிகப் பொருத்தமான' விடையைப் பிடிப்பது எப்படி?

திண்டுக்கல் பக்கம் ஒரு மூன்றாம் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு பையன் 35 என்று எழுதுகிறான். அடுத்த கணக்கு 64-லிருந்து 38. அதற்கு 34 என்கிறான். ஆசிரியர் செய்ய வேண்டிய மிகப் பொருத்தமான செயல் எது?

அ) சரியான விடையைப் பத்து முறை எழுதச் சொல்வது
ஆ) கரும்பலகையில் மீண்டும் ஒருமுறை போட்டுக் காட்டுவது
இ) எப்படிக் கழித்தாய் என்று அவனையே சொல்லச் சொல்லி, குச்சிக் கட்டுகளை வைத்துச் செய்ய வைப்பது
ஈ) நன்றாகக் கணக்குப் போடும் மாணவன் பக்கத்தில் உட்கார வைப்பது

ஆசிரியர் தகுதித் தேர்வில் 'குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறைகளும்' பகுதியில் வரும் கேள்விகள் பல இந்த ரகம்தான். மொத்தம் 150 கேள்விகளில் இந்தப் பகுதிக்கு 30. பொதுப் பிரிவினர் தேர்ச்சி பெற 90 மதிப்பெண் வேண்டும்.

தப்பு எங்கே இருக்கு?

விடை 'இ'. ஏன் என்பதுதான் முக்கியம். பையன் எழுதிய 35-ஐ இன்னொரு முறை பாருங்கள். 7-லிருந்து 2 போனால் 5. 5-லிருந்து 2 போனால் 3. அடுத்த கணக்கிலும் அதே கதைதான். எது மேலே, எது கீழே என்று பார்க்காமல் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்கிறான். இது கவனக்குறைவு இல்லை, அவனே உண்டாக்கிக்கொண்ட ஒரு விதி.

அந்த விதி தெரியாமல் பத்து முறை எழுத வைத்தால் 25 என்ற எண் மனப்பாடமாகும், விதி அப்படியே இருக்கும். குச்சியை எடுத்தால் நிலைமை வேறு. பத்துப் பத்தாக 5 கட்டு, உதிரியாக 2. உதிரியில் 7 எடுக்க முடியாது, அதனால் ஒரு கட்டைப் பிரித்தே ஆக வேண்டும். இப்போது 4 கட்டு, 12 உதிரி. 7 உதிரியும் 2 கட்டும் எடுத்தால் மிச்சம் 25. 'கடன் வாங்குவது' என்றால் என்ன என்று கையே காட்டிக் கொடுத்துவிடும். 7 முதல் 11 வயது வரை பொருளை வைத்துத்தான் தர்க்கம் ஓடும் என்று பியாஜே சொன்னது இங்கேதான் உதவுகிறது.

'ஆ', 'ஈ' இரண்டும் கெட்ட வழிகள் இல்லை. ஆனால் பையன் எங்கே தடுமாறுகிறான் என்று தெரியாமலே வைத்தியம் பார்ப்பவை. "இவனுக்குக் கடன் வாங்கிக் கழிப்பது புரியவில்லை என்று ஆசிரியர் கண்டறிந்தார்" என்று கேள்வியிலேயே இருந்தால், சக மாணவனோடு சேர்ந்து செய்ய வைக்கும் விடையும் பொருத்தமாகலாம்.

அனுபவசாலிகள் ஏன் சறுக்குகிறார்கள்?

ஓய்வுபெற 5 ஆண்டுகளுக்கு மேல் உள்ள பணியிலிருக்கும் ஆசிரியர்கள், 2 ஆண்டுகளுக்குள் இந்தத் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருபது வருஷம் பாடம் நடத்தியவர்களுக்கும் இந்த 30 கேள்விகள் இப்போது வேலை சம்பந்தப்பட்ட விஷயம்.

அவர்களுக்கு 'ஆ' தான் கண்ணில் படும். நாற்பது பிள்ளைகள், நாற்பது நிமிஷம், முடிக்க வேண்டிய பாடம். தனித்தனியாகக் குச்சி கொடுக்க நேரம் ஏது? நியாயமான கேள்வி. ஆனால் வினாத்தாள் கேட்பது அந்த ஒரு குழந்தையைப் பற்றி மட்டும்தான். நேர அட்டவணை கேள்வியில் இல்லை என்றால், விடையிலும் அதைக் கொண்டுவரக் கூடாது.

'முதலில்' என்று கேட்டால்?

இன்னொரு கேள்வி. நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைப் பூ பறிக்க விடியும் முன்பே தோட்டத்துக்குப் போகும் குடும்பங்கள் உண்டு. அப்படி ஒரு வீட்டுச் சிறுமி முதல் பீரியடில் தினமும் தூங்கி விழுகிறாள். காரணம் ஆசிரியருக்குத் தெரியாது. அவர் முதலில் செய்ய வேண்டியது எது? பெற்றோரை வரவழைப்பது, தலைமை ஆசிரியரிடம் சொல்வது, எழுந்து நிற்க வைப்பது, தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பது.

நிற்க வைப்பது உடனே அடிபடும். உடல் தண்டனையும் மன ரீதியான துன்புறுத்தலும் கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு. பெற்றோரிடம் பேசுவது தேவைப்படலாம், ஆனால் அது இரண்டாவது படி. குழந்தையிடம் கேட்பதுதான் முதல் படி. இதே கேள்வியில் "சிறுமி மயங்கி விழுந்தாள்" என்று இருந்தால் வரிசையே மாறிவிடும். அங்கே விசாரணை இல்லை, முதலுதவிதான் முதலில்.

வார்த்தையில் இருக்கும் பொறி

'எப்போதும்', 'மட்டுமே', 'எல்லாக் குழந்தைகளும்' என்று வரும் ஆப்ஷனைச் சந்தேகத்தோடு பாருங்கள். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறார்கள் அல்லவா? நிலைக்கேற்ற பயிற்சி தருவது சரியான விடை. "வருடம் முழுக்க அதே குழுவில் மட்டுமே வைத்திருப்பது" தவறான விடை. பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும்.

கடைசியாக ஒன்று, பலருக்கு மதிப்பெண் போவது இதில்தான்: 'பொருந்தாதது எது?' என்ற கேள்வி. மூன்று ஆப்ஷன் குழந்தைக்குச் சாதகமாக இருக்கும், அவசரத்தில் முதலில் கண்ணில் பட்ட நல்ல விடையைக் குறித்துவிடுவார்கள். 'இல்லை', 'அல்லாத', 'தவிர' என்ற சொல்லைப் பார்த்ததும் அதன் கீழே கோடு போட்டுவிட்டு ஆப்ஷனுக்குப் போங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது, அதனால் எந்தக் கேள்வியையும் காலியாக விட வேண்டியதில்லை.