சமவாய்ப்பு நடை (மாதிரி எடுக்கும் முறை)

சமவாய்ப்பு நடை என்பது, வீடுகளின் பட்டியல் கிடைக்காத ஊரில் கணக்கெடுப்பாளர் ஒரு புள்ளியில் தொடங்கி, முன்பே வகுத்த விதிப்படி நடந்துபோய், எந்த வீட்டில் கேள்வி கேட்பது என்று தீர்மானிக்கும் களமுறை. ஆய்வாளர்கள் பேச்சில் இது ‘ராண்டம் வாக்’. கணிதத்தில் இதே பெயரில் உள்ள கருத்து வேறு. அங்கே ஒவ்வோர் அடியும் தற்செயல். இங்கே தொடக்கம் மட்டுமே தற்செயல், பிறகு நடப்பதெல்லாம் விதி.

இம்முறையின் வடிவங்களில் பெரும் புகழ்பெற்றது, உலக சுகாதார நிறுவனத்தின் தடுப்பூசித் திட்டத்தில் கையாளப்பட்ட ‘30-க்கு 7’ கணக்கெடுப்பு. ஹெண்டர்சனும் சுந்தரேசனும் 1982-இல் இதன் அனுபவங்களைத் தொகுத்து எழுதினர். மக்கள்தொகைக்கு ஏற்ற வாய்ப்புடன் 30 ஊர்களைத் தேர்ந்து, ஊருக்கு 7 குழந்தைகள் வீதம் 210 பேரைப் பார்ப்பார்கள். ஊருக்குள் செய்வது இதுதான்: நடுவிடத்தில் நின்று ஒரு பாட்டிலைச் சுழற்றுவார்கள். அதன் வாய் காட்டும் திசையில் ஊர் எல்லைவரை உள்ள வீடுகளை எண்ணி, அவற்றில் ஒன்றைக் குலுக்கலில் எடுப்பார்கள். அதுவே முதல் வீடு. அங்கிருந்து வாசல் எது மிக அருகில் இருக்கிறதோ அந்த வீட்டுக்குப் போவார்கள். ஏழு குழந்தைகள் சேர்ந்ததும் நிறுத்திவிடுவார்கள்.

பாட்டில் எந்தத் திசையிலும் நிற்கக்கூடும் என்பதால் எல்லா வீட்டுக்கும் சம வாய்ப்பு என்று தோன்றும். அது தவறு. ஊரை 200 மீட்டர் ஆரமுள்ள வட்டமாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வீடும் 10 மீட்டர் அகலம். நடுவிலிருந்து 20 மீட்டர் தூரத்தில் ஒரு வளையம் வரைந்தால் அதில் சுமார் 12 வீடுகள் அடங்கும். ஊர் எல்லையில் வரையும் வளையத்தில் சுமார் 125 வீடுகள் அடங்கும். பாட்டில் காட்டும் கோடு எந்தத் திசையில் போனாலும் உள்வளையத்தில் ஒரு வீட்டையும் வெளிவளையத்தில் ஒரு வீட்டையும் தொடும். ஆக, 12 வீடுகளுக்குக் கிடைக்கும் அதே பங்குதான் 125 வீடுகளுக்கும். நடுவில் இருக்கும் வீடு முதல் வீடாக அமையும் வாய்ப்பு, எல்லையில் இருக்கும் வீட்டைப்போலப் பத்து மடங்கு. அடுத்த வீடுகளும் பக்கத்து வீடுகளே என்பதால் இந்தச் சாய்வு பெரும்பாலும் அப்படியே தொடரும்.

ஊர் நடுவில்தான் பெரும்பாலும் கடைத்தெருவும் பேருந்து நிறுத்தமும் சுகாதார நிலையமும் இருக்கும். தடுப்பூசி போடாத குழந்தை இருக்கக்கூடியது ஒதுக்குப்புறக் குடிசைகளில். எனவே கணக்கு உண்மையைவிட நல்ல நிலையைக் காட்டிவிடலாம். ஒவ்வொரு வீட்டின் வாய்ப்பும் தெரிந்தால் எடையிட்டுத் திருத்தலாம். இம்முறையில் அது தெரிவதே இல்லை. என் கருத்தில் இதன் அடிப்படைக் குறை இதுவே.

இந்தக் குறை பெரும் விவாதமானது ஈராக்கில். 2006-இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு, 47 கொத்துகளில் 1,849 குடும்பங்களைக் கேட்டு, 2003 படையெடுப்புக்குப் பின் சுமார் 6,55,000 கூடுதல் மரணங்கள் நேர்ந்ததாக மதிப்பிட்டது. கட்டுரையில் சொன்னபடி, முதலில் ஒரு பிரதான சாலை, பிறகு அதை வெட்டும் ஒரு குடியிருப்புத் தெரு, அதில் ஒரு வீடு, அங்கிருந்து அடுத்தடுத்து 40 வீடுகள். பிரதான சாலையை வெட்டாத உள்தெருக்கள் இந்த விதியில் விட்டுப்போகும். குண்டுவெடிப்பும் துப்பாக்கிச்சூடும் சாலையோரத்தில்தான் அதிகம் என்று ஸ்பாகட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2008-இல் வாதிட்டனர். இதற்குப் ‘பிரதான சாலைச் சாய்வு’ என்று பெயர் வந்தது. உள்தெருக்களையும் சேர்த்தோம் என்று ‘லான்செட்’ ஆய்வை நடத்தியவர்கள் பதில் சொன்னார்கள். ஆனால் தெருக்களைத் தேர்ந்த விதம் முழுமையாக வெளியிடப்படாததால் யாராலும் சரிபார்க்க முடியவில்லை. இங்கே சாய்வு மிகைப்படுத்தும் திசையில். தடுப்பூசிக் கணக்கிலோ குறையை மறைக்கும் திசையில். திசையை இடம்தான் முடிவு செய்கிறது.

வரைபடத்தால் வரும் பிழை இது. மனிதரால் வரும் பிழை வேறு. பூட்டிய வீடு, நாய் கட்டிய வீடு, மாடிப்படி ஏறவேண்டிய வீடு ஆகியவற்றைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போவது எளிது. தாண்டியதற்குப் பதிவும் இருக்காது. பகலில் ஆளிருக்கும் பெரிய குடும்பங்கள் சேர்ந்துவிடும். வேலைக்குப் போகும் தனியாள் விட்டுப்போவார். இதைக் கண்டுபிடிக்க, மாதிரியில் ஒருநபர் குடும்பங்களின் விகிதத்தை மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு ஒப்பிட வேண்டும். பேட்டி எடுத்த வீடுகளின் ஜிபிஎஸ் புள்ளிகளை வரைபடத்தில் இட்டால் நடுவில் குவிந்திருப்பதும் தெரியும். மறுத்தவர், ஆளில்லாத வீடு என்ற பதிவுகள் அறவே இல்லையென்றால் சந்தேகப்பட வேண்டும்.

மாற்று முறை அதிகச் செலவானதன்று. ஊரின் கைவரைபடம் போட்டு, ஏறக்குறையச் சம அளவான துண்டுகளாகப் பிரித்து, குலுக்கலில் ஒரு துண்டை எடுத்து, அதிலுள்ள எல்லா வீட்டுக்கும் போவது. அப்போது ஒவ்வொரு வீட்டின் வாய்ப்பும் தெரிந்துவிடும். கணக்கெடுப்பாளர் விருப்பத்துக்கும் இடமிராது. உலக சுகாதார நிறுவனத்தின் 2018 கையேடு, களத்தில் நடந்துபோய் வீடு தேர்வதைக் கைவிட்டு, நிகழ்தகவு தெரிந்த தேர்வையே பரிந்துரைக்கிறது.