கூரைக் கசிவின் தற்காலிகத் தடுப்பு

கூரைக் கசிவின் தற்காலிகத் தடுப்பு என்பது, புயல் அல்லது பெருமழைக் காலத்தில் சேதமடைந்த கூரை வழியாக வீட்டினுள் நீர் புகுவதை, நிலையான பழுதுபார்ப்பு நடைபெறும் வரை குறைத்து வைக்கும் முறையாகும். வீட்டினுள் வரும் நீரைக் கட்டுப்படுத்தல், கூரை மேல் தார்ப்பாய் விரித்தல், விரிசலை ஒட்டுநாடாவால் மூடுதல் ஆகிய மூன்று பணிகள் இதில் அடங்கும். இம்மூன்றும் ஒரே நேரத்தில் செய்யப்படுவன அல்ல. முதலாவது மழை பெய்யும்போதும், இரண்டாவது காற்று அடங்கிய பின்னரும், மூன்றாவது கூரை உலர்ந்த பின்னரும் செய்யப்படுகின்றன. இக்கட்டுரை தமிழ்நாட்டில் பரவலாகக் காணப்படும், இருபுறமும் சரிந்த நெளிவுள்ள சிமெண்ட் தகட்டுக் கூரையை (கல்நார்த் தகடு, சிமெண்ட் அட்டை) எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்முறையை விளக்குகின்றது.

## நீர் புகும் இடமும் சொட்டும் இடமும்

கூரையில் நீர் புகும் இடமும் வீட்டினுள் அது சொட்டும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. விரிசல் வழியாக உள்ளே வரும் நீர் தகட்டின் அடிப்பரப்பில் ஒட்டியபடியே சரிவில் கீழ்நோக்கி ஓடும். வழியில் தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம் ஒன்றை அடைந்ததும் அதன் நெடுகப் பக்கவாட்டில் சென்று, பிறகே சொட்டுகின்றது. எனவே கசிவின் மூலத்தைச் சொட்டும் இடத்திலிருந்து மேல்நோக்கி, அதாவது கூரை முகட்டை நோக்கியே தேட வேண்டும்.

சிமெண்ட் தகட்டுக் கூரையில் வழக்கமாக நீர் புகும் இடங்கள் மூன்று. மரக்கிளை அல்லது தேங்காய் விழுந்து ஏற்பட்ட விரிசல் முதலாவது. தகட்டைச் சட்டத்துடன் பிணைக்கும் கொக்கி ஆணியின் துளை இரண்டாவது. ஆணியின் அடியிலுள்ள வாஷர் வெயிலில் காய்ந்து வெடித்துவிடுவதே இதற்குக் காரணமாகும். ஒரு தகட்டின் மேல் மற்றொன்று ஏறி அமரும் மேற்படிவு மூன்றாவதாகும். பலத்த காற்று மழைநீரை இந்த இடைவெளியில் மேல்நோக்கித் தள்ளுவதால், சாதாரண மழையில் ஒழுகாத கூரையும் புயலில் ஒழுகக்கூடும்.

மழை பெய்யும்போதே டார்ச் விளக்கின் ஒளியில் அடிப்பரப்பைப் பார்த்து ஈரக்கோட்டின் மேல் முனையைக் கண்டறிவது எளிது. அவ்விடம் பக்கச் சுவரிலிருந்தும் முகட்டிலிருந்தும் எவ்வளவு தொலைவில் உள்ளது என்று குறித்து வைத்தால், பின்னர் வெளியிலிருந்து அதே இடத்தை அளந்து காணலாம். மழை நின்று கூரை உலர்ந்துவிட்டால் இந்தத் தடயம் மறைந்துவிடும்.

## மழையின்போது நீரைக் கட்டுப்படுத்தல்

முதலில் கவனிக்கவேண்டியது மின்சாரமாகும். நீர் மின்விசிறி, விளக்கு அல்லது சுவிட்சுப் பெட்டியை நோக்கி ஓடினால், அந்த அறைக்கான மின்னிணைப்பையோ முதன்மைச் சுவிட்சையோ நிறுத்திவிட வேண்டும். சுவிட்சுப் பலகையே நனைந்திருந்தாலோ, ஈரத் தரையில் நின்றுதான் அதை அடைய முடியும் என்றாலோ அதைத் தொடக்கூடாது. அந்த அறையை விட்டு வெளியேறி மின்வாரியத்திற்குத் தெரிவிப்பதே முறையாகும்.

அடுத்தது சொட்டும் நீரை ஓரிடத்தில் சேர்ப்பது. சொட்டும் புள்ளியில் ஒரு நூலைக் கட்டி அதன் மறுமுனையை வாளிக்குள் தொங்கவிட்டால், நீர் நூல் வழியாகவே இறங்கும்; தெறிப்பதும் குறையும். பல இடங்களில் சொட்டினால், ஒரு பிளாஸ்டிக் விரிப்பை அறையினுள் சட்டங்களின் அடியில் ஒருபுறம் சரிவாகக் கட்டி, அதன் தாழ்ந்த முனையை வாளிக்கு மேல் விடலாம். விரிப்பின் நடுவில் நீர் தேங்கக்கூடாது. ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோகிராம் என்பதால், தேங்கும் நீர் விரிப்பையும் கட்டையும் அறுத்துக்கொண்டு விழக்கூடும்.

இதே காரணத்தால், ஜிப்சம் பலகையாலான உட்கூரை உள்ள வீட்டில் அப்பலகை கீழ்நோக்கிப் புடைத்திருந்தால் அது ஆபத்தின் அறிகுறியாகும். மின்சாரத்தை நிறுத்தியபின், வாளியைக் கீழே வைத்து, பக்கவாட்டில் நின்றபடி புடைப்பின் தாழ்ந்த இடத்தில் திருப்புளியால் ஒரு சிறு துளை இட்டு நீரை வடிக்க வேண்டும். துளையிடாமல் விட்டால் பலகை முழுவதுமாக இடிந்து விழலாம்.

## கூரை மேல் ஏறுவதன் ஆபத்து

புயல் வீசும்போது கூரை மேல் ஏறக்கூடாது. காற்றில் விரிக்கப்படும் தார்ப்பாய் பாய்மரம் போல் உப்பி, பிடித்திருப்பவரை இழுத்துச் சென்றுவிடும். காற்று திடீரென நின்றாலும் புயல் முடிந்துவிட்டது என்று கொள்ளக்கூடாது. புயலின் கண் ஓர் ஊரைக் கடக்கும்போது சிறிது நேரம் அமைதி நிலவி, பின்னர் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் பலத்த காற்று வீசும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது இத்தகைய இடைவெளி உணரப்பட்டது. வானிலை ஆய்வு மையம் புயல் கரையைக் கடந்து முடிந்ததை அறிவித்த பின்னரே வெளிப்பணியைத் தொடங்க வேண்டும்.

சிமெண்ட் தகட்டுக்கு வேறோர் ஆபத்தும் உண்டு. இது மனிதனின் எடையைத் தாங்கும் பொருள் அன்று. முன்னறிகுறி ஏதுமின்றி உடைந்து, நிற்பவரை வீட்டினுள் வீழ்த்திவிடும். ஆணி வரிசையின் மேல் நடந்தால் பாதுகாப்பு என்ற நம்பிக்கை, நனைந்த பழைய தகட்டில் பொய்த்துவிடுகின்றது. ஏறியே தீரவேண்டிய நிலையில், குறைந்தது இரண்டு குறுக்குச் சட்டங்களின் மேல் படியும் அளவு நீளமான பலகைகளைப் பரப்பி, அவற்றின் மேல் மட்டுமே இயங்க வேண்டும். இயன்றவரை ஏறாமலே செய்யும் முறை கீழே தரப்பட்டுள்ளது.

## தார்ப்பாய் விரித்தல்

தார்ப்பாய் நீரைத் தடுப்பதில்லை. அதைத் தன்மேல் ஓடச் செய்து வேறிடத்தில் விடுகின்றது. எனவே அதன் மேல் விளிம்பு எங்கே முடிகின்றது என்பதே முதன்மையான கேள்வியாகும். பின்வரும் கணக்கு இதை விளக்கும்.

முகட்டிலிருந்து கீழ் விளிம்பு வரை 5 மீட்டர் சரிவுள்ள ஒரு கூரையில், முகட்டுக்கு 3 மீட்டர் கீழே 30 செ.மீ. நீளமான விரிசல் உள்ளது எனக் கொள்வோம். தகட்டின் ஒவ்வொரு நெளிவும் ஏறத்தாழ 15 செ.மீ. அகலமான வாய்க்காலாகும். விரிசல் ஒரு வாய்க்காலில் மட்டும் இருந்தால், அதற்கு மேலே மழையைச் சேர்க்கும் பரப்பு 3 × 0.15 = 0.45 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் நீர் சேரும். மணிக்கு 30 மி.மீ. மழையில், ஒரு மணி நேரத்தில் விரிசலை அடையும் நீர் 13.5 லிட்டராகும். அதில் பெரும்பகுதி உள்ளே இறங்கினால், 15 லிட்டர் வாளியை ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்கு ஒருமுறை காலி செய்ய வேண்டியிருக்கும்.

இப்போது 2 மீட்டர் நீளமான சிறிய தார்ப்பாயை விரிசல் நடுவில் இருக்குமாறு விரித்தால், அதன் மேல் விளிம்பு விரிசலுக்கு 1 மீட்டர் மேலேயே முடிகின்றது. அதற்கும் மேலுள்ள 2 மீட்டர் சரிவில் பெய்த நீர், அதாவது மணிக்கு 9 லிட்டர், வாய்க்கால் வழியாகத் தார்ப்பாயின் அடியில் புகுந்து அதே விரிசலை அடையும். மூன்றில் ஒரு பங்கு நீர் மட்டுமே தவிர்க்கப்படுகின்றது. தார்ப்பாய் போட்டும் ஒழுகுகிறது என்ற குறைபாட்டிற்கு இதுவே வழக்கமான காரணமாகும். தார்ப்பாய் முகட்டைத் தாண்டி மறுபுறத்தில் ஏறத்தாழ 1 மீட்டர் இறங்கியிருந்தால் அதன் அடியில் புக நீரே இராது.

மேற்கண்ட கூரைக்கு, முகட்டிற்கு அப்பால் 1 மீட்டர், சரிவு 5 மீட்டர், கீழே மடித்துக் கட்ட அரை மீட்டர் என 6.5 மீட்டர் நீளம் தேவை. அகலம் விரிசலின் இருபுறமும் 1 மீட்டர் சேர்த்து 2.3 மீட்டர். கடைகளில் அடி அளவில் விற்கப்படுவதால் 24 × 12 அடி (ஏறத்தாழ 7.3 × 3.7 மீட்டர்) தார்ப்பாய் போதுமானது.

தாழ்வான ஒருமாடி வீட்டில் இதைத் தரையிலிருந்தே விரிக்கலாம். மணல் நிரப்பிய சிறு துணிப்பையைக் கயிற்றின் நுனியில் கட்டி முகட்டுக்கு மேலாக மறுபுறம் எறிய வேண்டும். இவ்வாறு இரண்டு கயிறுகளை இட்டு, அவற்றைத் தார்ப்பாயின் மேல் விளிம்பிலுள்ள வளையங்களில் கட்டி, மறுபுறத்திலிருந்து மெல்ல இழுத்தால் தார்ப்பாய் சரிவில் ஏறி முகட்டைக் கடக்கும். கீழ் விளிம்பை ஒரு சவுக்குக் கம்பில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, கம்பைத் தூணுடனோ கூரையின் மரச்சட்டத்துடனோ கட்ட வேண்டும். வளையங்களை மட்டும் நம்பினால் அவை காற்றில் பிய்ந்துவிடும். பின்னர் தார்ப்பாயின் மேலாக ஏறத்தாழ 1 மீட்டருக்கு ஒன்றாகக் கயிறுகளை இருபுறமும் இழுத்துக் கட்ட வேண்டும். செங்கல், கல் முதலியவற்றைப் பாரமாக வைப்பது தகட்டை உடைக்கும். அவை காற்றில் உருண்டு விழவும் கூடும். புதிய ஆணி அடிப்பது புதிய கசிவை உண்டாக்கும்.

## ஒட்டுநாடா

விரிசலை மூடப் பியூட்டைல் ரப்பர் ஒட்டுநாடா பயன்படுகின்றது. இது ஒருபுறம் அலுமினியத் தாளும் மறுபுறம் பிசுபிசுப்பான செயற்கை ரப்பரும் கொண்டது. ஈரமான அல்லது தூசி படிந்த பரப்பில் இது ஒட்டாது. ஆகையால் மழை விட்டு, வெயிலில் தகடு உலர்ந்த பின்னரே இது ஒட்டப்படுகின்றது.

பழைய சிமெண்ட் தகடுகளில் கல்நார் இருக்கலாம். அதன் நுண்ணிழைகள் மூச்சுடன் உட்சென்றால் நுரையீரல் நோய்களையும் புற்றுநோயையும் உண்டாக்கும். எனவே பாசியைச் சுரண்டவோ உலர்ந்த தூரிகையால் தேய்க்கவோ கூடாது. ஈரத்துணியால் துடைத்து, உலரவிட்டு ஒட்ட வேண்டும். நாடா விரிசலின் எல்லாப் பக்கங்களிலும் ஏறத்தாழ 5 செ.மீ. தாண்டியிருப்பது நல்லது. நெளிவின் பள்ளத்தில் நாடா பாலம்போல் நிற்காமல் அடிவரை அழுத்தப்பட வேண்டும். பல துண்டுகள் தேவைப்பட்டால் கீழ்த்துண்டை முதலில் ஒட்டி, மேல்துண்டு அதன்மேல் படியுமாறு ஒட்ட வேண்டும்.

வீட்டின் உட்புறத்தில் மட்டும் நாடா ஒட்டுவது பயனற்றது. மேலிருந்து வரும் நீர் நாடாவைப் பரப்பிலிருந்து தள்ளிவிடும். தள்ளாவிட்டாலும் அடுத்த வழியைத் தேடிக்கொள்ளும்.

## தற்காலிகத் தடுப்பின் எல்லை

தார்ப்பாய் படபடக்கும் ஒலி, அதில் நீர் தேங்கி உண்டாகும் பள்ளம், நாடாவின் விளிம்பு உரிதல், அடிப்பரப்பில் மீண்டும் தோன்றும் ஈரக்கோடு ஆகியவை தடுப்பு தளர்வதன் அறிகுறிகளாகும். சாதாரணப் பாலித்தீன் தார்ப்பாய் வெயிலின் புற ஊதாக்கதிரால் நொறுங்கத் தொடங்கும். ஐக்கிய அமெரிக்காவில் 2005 கத்ரீனா உள்ளிட்ட சூறாவளிகளுக்குப் பின், இராணுவப் பொறியாளர் படை வீடுகளின் மேல் நீலநிற விரிப்பு அமைத்துத் தந்த திட்டத்திலும், அவ்விரிப்பு பழுதுபார்ப்பு வரையிலான குறுகிய கால ஏற்பாடாகவே கருதப்பட்டது.

தடுப்பு சரியாக வேலை செய்வதாகத் தோன்றுவதால் பழுதுபார்ப்பு தள்ளிப்போவதும் உண்டு. இதற்கிடையில் மூடப்பட்ட மரச்சட்டம் உலராமல் இற்றுவிடலாம். மழை விட்டதும் சன்னல்களைத் திறந்து அறையை உலர்த்துவதும், விரிசல் விட்ட தகட்டையும் வெடித்த வாஷர்களையும் மாற்றுவதும் நிலையான தீர்வாகும். மாற்றிய பின், குழாய் நீரைக் கீழ்ப்பகுதியில் தொடங்கிப் படிப்படியாக மேல்நோக்கிப் பாய்ச்சி, உள்ளே ஈரம் தோன்றுகிறதா எனச் சோதிக்கலாம். மேலிருந்து தொடங்கினால், ஓடிவரும் நீர் எந்த இடத்தில் புகுந்தது என்று பிரித்தறிய முடியாது.

## இவற்றையும் பார்க்க

* தார்ப்பாய்
* கல்நார்
* வெப்பமண்டலச் சூறாவளி
* வடகிழக்குப் பருவமழை