34 வயதில் வரும் வரன்: 'இதை விட்டா வேற கிடைக்காது' என்ற பயத்தில் சரி சொல்லலாமா?

'வயசு ஏறிட்டே போகுது, இன்னும் என்ன யோசனை?' 30-ஐத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை என்றால், இந்தக் கேள்வி உங்களுக்குப் பழகிப்போயிருக்கும். கேட்கிறவர்களுக்கு அக்கறை இருக்கிறது. ஆனால் கேட்டுக் கேட்டு உங்களுக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். அதன் சத்தத்தில் எதிரே இருக்கும் ஆள் எப்படிப்பட்டவர் என்பதே காதில் விழாது.

ஓர் உதாரணம் பார்ப்போம். பெண்ணுக்கு 34 வயது, பெங்களூருவில் வேலை, பெற்றோர் மதுரையில். ஐப்பசியில் ஒரு வரன் வருகிறது. ஒருமுறை நேரில், இரண்டுமுறை வீடியோ காலில் பேசியாகிவிட்டது. 'தையில் முகூர்த்தம், பத்து நாளில் பதில் சொல்லுங்க' என்கிறார்கள் மாப்பிள்ளை வீட்டார். பெண்ணுக்குப் பிடிக்கவில்லை என்றும் இல்லை, பிடித்திருக்கிறது என்றும் இல்லை.

காத்திருந்தால் எவ்வளவு இழப்பு?

தைக்குப் பதில் வைகாசி என்று தள்ளினால் போவது நான்கு மாதம்.

அவசரத்தில் தையில் கல்யாணம் முடித்து, மூன்றே மாதத்தில் சரிவராது என்று இருவருக்கும் புரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்து திருமணச் சட்டப்படி, பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு மனு போடவே ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு போட்ட பிறகு ஆறு மாதக் காத்திருப்பு உண்டு. உரிய காரணம் இருந்தால் இந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது. தளர்த்தாவிட்டால் மொத்தம் 21 மாதம். அதற்குள் 36 வயதை நெருங்கியிருப்பார். ஒருவர் சம்மதிக்காவிட்டால் வழக்கு வருடக்கணக்கில் போகும். ஆக, நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் அவசரம் என்றால் கணக்கு எதிர்ப்பக்கம் போகிறது.

குழந்தைப்பேறு பற்றிய பயம்?

இது பொய்யான பயம் இல்லை. ஆனால் 35-வது பிறந்தநாளில் கதவு மூடிவிடுவதும் இல்லை. பெண்ணின் கருத்தரிக்கும் திறன் 30-களில் மெல்லக் குறைந்து, 35-க்குப் பிறகு கொஞ்சம் வேகமாகக் குறைகிறது. ஆணின் வயதுக்கும் இதில் பங்கு உண்டு. பொதுவாக நான்கு மாதம் பெரிய வித்தியாசத்தை உண்டாக்காது. ஏஎம்எச் ரத்தப் பரிசோதனை எண் குறைவாக வந்ததைப் பார்த்துப் பதறி முடிவெடுப்பவர்கள் உண்டு. அது முட்டை இருப்பை ஊகிக்க உதவும் எண். இயல்பாகக் கருத்தரிக்க முடியுமா என்பதை அது மட்டும் சொல்லிவிடாது. சந்தேகம் இருந்தால் முதலில் மகப்பேறு மருத்துவரிடம் பேசுங்கள்.

முடிவெடுப்பது நீங்களா, பயமா?

சரி சொல்ல உங்களிடம் இருக்கும் காரணங்களை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு, வேறு எந்த வரனுக்கும் பொருந்தக்கூடிய காரணங்களை அடித்துவிடுங்கள். நம் உதாரணப் பெண் ஐந்து எழுதுகிறார்: அம்மா நிம்மதியாகத் தூங்குவார், தங்கை கல்யாணம் தடைபடாது, நல்ல வேலை, ஜாதகம் பொருந்துகிறது, நான் வேலை மாறுவது பற்றிப் பேசியபோது குறுக்கிடாமல் கேட்டார். முதல் நான்கும் யாருக்கும் பொருந்தும். மிஞ்சுவது ஒன்றுதான். அதனால் இந்த வரன் வேண்டாம் என்று அர்த்தமில்லை. அந்த மனிதரை இன்னும் தெரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம்.

'வேண்டாம்' என்பதற்கும் இதையே செய்யுங்கள். 28 வயதில் பெரிதாகத் தெரிந்த குறை, இப்போது யோசித்தால் ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். ஆனால் 28-ல் ஏற்றுக்கொள்ளவே மாட்டீர்கள் என்றிருந்த கோபமோ பொய்யோ, 34-ல் சின்னதாகத் தெரிகிறது என்றால் அங்கே பேசுவது பயம்தான்.

கிடைக்கும் நேரத்தில் என்ன கேட்பது?

'உங்க ஹாபி என்ன' என்பதைத் தாண்டுங்கள். யார் எந்த ஊருக்கு மாறுவது, பெற்றோர் கூட இருப்பார்களா, குழந்தை எப்போது, கடன் எவ்வளவு என்று நேராகக் கேளுங்கள். சிபில் அறிக்கையை இருவரும் காட்டிக்கொள்ளலாம். முந்தைய திருமணம் இருந்தால் விவாகரத்துத் தீர்ப்பின் நகலைப் பார்த்துவிடுங்கள். உங்கள் கேள்விக்கு அவர் எரிச்சல் பட்டாலோ, பதிலை அவருடைய அப்பாவே சொன்னாலோ அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் எப்படிச் சொல்வது?

'டைம் வேணும்' என்று மட்டும் சொன்னால் தட்டிக்கழிப்பதாகத்தான் நினைப்பார்கள். தேதியோடு சொல்லுங்கள்: 'வேண்டாம்னு சொல்லலைம்மா. இன்னும் நாலு தடவை நேர்ல பேசிட்டு, தை பிறந்ததும் கண்டிப்பா பதில் சொல்றேன். சரின்னா வைகாசில வச்சுக்கலாம்.' சொன்ன தேதியைத் தவறவிடாதீர்கள். மாப்பிள்ளை வீட்டார் அதற்குள் வேறு இடம் பார்த்துவிடலாம். அந்த வாய்ப்பு உண்டுதான். ஆனால் நான்கு சந்திப்புக்குக்கூட இடம் தராத வீட்டில், கல்யாணத்துக்குப் பிறகு உங்கள் பேச்சுக்கு எவ்வளவு இடம் இருக்கும் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.