சுரத்தாளை வாசிப்பது எப்படி?

ஹந்தானையில் என்னிடம் பாட்டுப் படிக்க வரும் பிள்ளை ஒருத்தி, என் குருவின் பழைய கொப்பியைப் பார்த்து, "டீச்சர், இந்தக் காற்புள்ளியில மூச்சு விடவேணுமா?" என்று கேட்டாள். வன்னியில் இருந்து இடம்பெயர்ந்தபோது மழையில் நனைந்த கொப்பி அது. குரு இன்று இல்லை. தாளில் உள்ளதை வைத்துத்தான் அவளுக்கு விளக்கினேன்.

காற்புள்ளி மூச்சு விடும் இடம் அல்ல. முன்னால் நிற்கும் சுரத்தை இன்னும் ஓர் அட்சரம் நீட்டச் சொல்லும் குறி. அரைப்புள்ளி இரண்டு அட்சரம். 'ஸ' என்ற குறில் ஓர் அட்சரம். 'ஸா' என்ற நெடில் இரண்டு. இந்த வரியைப் பாருங்கள்:

ஸா ரி க | ம , | ப ம ||

இது ஆதி தாளம். முதற் கோடு வரை நான்கு அட்சரம்: 'ஸா' இரண்டு, 'ரி' ஒன்று, 'க' ஒன்று. இது லகு, ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரலில் தொடங்கி மூன்று விரல் எண்ணிக்கை. அடுத்து இரண்டு திருதங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு, ஒரு வீச்சு. இரட்டைக் கோட்டில் எட்டு அட்சரமும் முடிந்து ஓர் ஆவர்த்தனம் நிறைகிறது. காற்புள்ளியில் நிறுத்தினால் 'ம' அறுந்துவிடும். அதை எண்ணாமல் விட்டால் ஏழில் முடிந்து, தாளம் பிசகும். சுரங்களுக்கு மேலே ஒரு கோடு இருந்தால் வேகம் இரட்டிப்பு. அப்போது ஓர் அட்சரத்தில் இரண்டு சுரம்.

சுரத்தின் மேல் புள்ளி என்றால் மேல் ஸ்தாயி, கீழே என்றால் கீழ் ஸ்தாயி. எங்கள் கொப்பியில் ஈரத்தால் சில புள்ளிகள் அழிந்திருந்தன. 'ப த நி' என்று ஏறி வந்த வரி, அடுத்த 'ஸ'வில் திடீரென அடியில் விழுந்தது. அப்படி விழுந்தால் புள்ளி போயிருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். முன்பின் சுரங்களோடு சேர்த்துப் பாடிப் பார்த்தே அதைத் திரும்பப் போட்டோம்.

கமகக் குறிகள் பல பாடநூல்களில் இருப்பதில்லை. எட்டயபுரத்தில் 1904இல் வெளிவந்த சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' அவற்றை விரிவாகத் தருகிறது. அதில் அலைக்கோடு கம்பிதம், அதாவது சுரத்தை அசைப்பது. மேலேறும் சாய்கோடு ஏற்ற ஜாரு. ஒரு சுரத்திலிருந்து மேற்சுரத்துக்கு வழுக்கிப் போவது. இறங்கும் சாய்கோடு இறக்க ஜாரு.

ஆனால் அலைக்கோடு எத்தனை அசைவு, எவ்வளவு அகலம் என்று சொல்லாது. மாயாமாளவகௌளையின் 'ரி' எப்படி அசையும் என்பதைத் தாளில் காட்ட என்னால் முடியவில்லை; பாடித்தான் காட்டினேன். என் குருவும் எனக்கு அப்படித்தான் காட்டினார். புள்ளிகளை மீட்கலாம், அசைவைக் கேட்டே எடுக்கவேண்டும்.